சொல் விளக்கம்: மீச்சிறு பொது மடங்கு

பேச்சில் நாம் எல்லோரும் 'எல்.சி.எம்' என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இது மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம. இலங்கைப் பாடநூலில் பொது மடங்குகளுட் சிறியது, அதாவது பொ.ம.சி. என் ஓட்டு இலங்கைப் பெயருக்கு. பொது மடங்குகளை வரிசையாக எழுது, அதில் சிறியதை எடு என்று செய்முறையையே அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

'மீச்சிறு' என்பதில் உள்ள 'மீ' பழைய சொல். மேல், மிகுதி என்று பொருள். திருக்குறளில் வரும் 'மீக்கூறும்' என்பதிலும் இதே மீதான். மடங்கு என்பது மடி, மடிப்பு என்பவற்றின் உறவு. வேட்டியை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு; அதுவே இரு மடங்கு.

கருத்தும் பழையது. இரண்டு எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணைக் காணும் வழியை யூக்ளிட் தம் ஏழாம் நூலில் தருகிறார். 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் எழுதிய கணித அறிஞர் மகாவீரர், பின்னங்களைக் கூட்டுவதற்காக இதையே 'நிருத்த' என்ற பெயரில் கையாண்டார்.

சரி, மீ.சி.ம. வரும் கணக்குகளுக்கு வருவோம். முதலில் மணிக் கணக்கு. மூன்று மணிகள் 8, 12, 18 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. காலை 6 மணிக்குச் சேர்ந்து ஒலித்தால் அடுத்து எப்போது? மூன்றுக்கும் மீ.சி.ம. 72. ஆக 7:12க்கு. நண்பகல் 12 வரை எத்தனை முறை சேர்ந்து ஒலிக்கும் என்று கேட்டால், 360ஐ 72ஆல் வகுத்து 5 என்று எழுதுபவர்கள்தான் அதிகம். 6 மணிக்கு ஒலித்ததையும் எண்ண வேண்டும்; விடை 6.

இதில் எல்லாம் ஒரே நொடியில் தொடங்கியதால்தான் மீ.சி.ம. நேரடியாக விடை தந்தது. 8 நிமிட மணி 6:00க்கும் 12 நிமிட மணி 6:03க்கும் தொடங்கினால்? முதலாவது 6:08, 6:16, 6:24 என்று இரட்டைப்படை நிமிடங்களில் மட்டுமே ஒலிக்கும். இரண்டாவது 6:03, 6:15, 6:27 என்று ஒற்றைப்படையில். அவை ஒருநாளும் சேராது. 24 என்ற மீ.சி.ம. அங்கே இருந்தும் பயனில்லை.

அப்புறம் ஓட்டக்காரர் கணக்கு. சந்திப்பு என்ற சொல்லில்தான் இங்கே ஏமாற்று. 300 மீட்டர் சுற்றுள்ள பாதையில் ஒருவர் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறார், இன்னொருவர் நொடிக்கு 2 மீட்டர் நடக்கிறார். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே திசையில் தொடங்குகிறார்கள். ஓடுபவருக்கு ஒரு சுற்று 60 நொடி, நடப்பவருக்கு 150 நொடி, மீ.சி.ம. 300. ஆகவே 300ஆவது நொடியில் இருவரும் தொடங்கிய கோட்டில் சேர்ந்து நிற்பார்கள்.

ஆனால் அது முதல் சந்திப்பு இல்லை. ஓடுபவர் நொடிக்கு 3 மீட்டர் முந்துகிறார். இந்த 3தான் சார்பு வேகம்: ஒருவரை நின்றவராக வைத்துக்கொண்டு பார்த்தால் மற்றவரின் வேகம். ஒரு முழுச் சுற்று, அதாவது 300 மீட்டர், முந்த 100 நொடி போதும். அந்த நேரத்தில் ஓடுபவர் 500 மீட்டர் போயிருப்பார், நடப்பவர் 200 மீட்டர். ஒரு சுற்றைக் கழித்தால் இருவரும் 200 மீட்டர் குறியில்தான். அடுத்த சந்திப்பு 200ஆவது நொடியில், 100 மீட்டர் குறியில். மூன்றாவதுதான் தொடக்கக் கோட்டில். எதிரெதிர்த் திசையில் போனால் வேகங்களைக் கூட்ட வேண்டும். 300ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 43 நொடிக்கு ஒரு சந்திப்பு.

ஆக 'முதலில் எப்போது சந்திப்பர்' என்றால் சார்பு வேகம், 'தொடங்கிய இடத்தில் எப்போது' என்றால் மீ.சி.ம. மாணவர் குழம்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஓடுபவரின் வேகத்தை 4 ஆக்கிப் பாருங்கள்: சுற்று நேரம் 75, 150, மீ.சி.ம. 150. சார்பு வேகம் 2, அதிலும் 150தான். வேக விகிதம் 2:1 என்பதால் ஒரே திசையில் அவர்கள் தொடக்கக் கோட்டைத் தவிர வேறெங்கும் சந்திப்பதில்லை. இப்படி ஒரு கணக்கில் தவறான வழியும் சரியான விடை தந்துவிட்டால், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

சார்பு வேகத்துக்கும் பழம்பெயர் இருக்கிறது. 499இல் ஆரியபட்டர் இரண்டு கோள்கள் சந்திக்கும் நேரத்தைச் சொல்கிறார்: ஒரே திசை என்றால் இடைவெளியை வேகங்களின் வித்தியாசத்தால் வகு, எதிர்த்திசை என்றால் கூட்டுத்தொகையால் வகு. அவர் சொன்ன சொற்கள் கத்யந்தரம், கதியோகம். திசைகளுக்கு அவர் வைத்த பெயர் அனுலோமம், விலோமம். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு அவை காதில் பழகிய சொற்களாகத்தான் இருக்கும்.