மக்கு உரக் குவியலின் வரவு செலவு: கழிவு, சருகு, மரத்தூள் எவ்வளவு?

நான் முதன்முதலில் மக்கு உரம் போட்டபோது கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். சமையலறைக் கழிவு 10 கிலோ. அட்டவணை ஒன்றில் பார்த்தேன், அதன் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 18. மரத்தூளின் விகிதம் 500. எனக்கு வேண்டியதோ 30. எடைக்கு ஏற்பச் சராசரி எடுத்தேன். கால் கிலோ மரத்தூள் போதும் என்று விடை வந்தது. போட்டேன். இரண்டாம் வாரத்தில் குவியல் கொழகொழவென்று ஆகி, கிளறும்போதெல்லாம் அம்மோனியா மூக்கைத் துளைத்தது. கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. கணக்குப் போட்ட முறையே பிழை. அந்தக் கழிவுக்குத் தேவைப்பட்ட மரத்தூள் கால் கிலோ அல்ல, ஏறத்தாழ 1.4 கிலோ.

பிழை எங்கே என்று பார்ப்பதற்கு முன், 30 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குவியலை மக்கவைப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையும். அவற்றின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் எட்டுப் பங்கு கார்பன் இருக்கிறது. ஆனால் உண்ணும் கார்பன் முழுவதையும் அவை உடலாக மாற்றிக்கொள்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எரித்து ஆற்றலாக்கி, கார்பன் டை ஆக்சைடாக வெளியே விட்டுவிடுகின்றன. ஆகவே எட்டுப் பங்கை உடலில் சேர்க்க, இருபத்து நான்கு பங்கு உண்ண வேண்டும். எளிதில் கரையாத கார்பனும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால், தொடக்க விகிதம் 25 முதல் 30 வரை இருப்பது சரியாக அமைகிறது. அதற்கு மிகவும் கீழே போனால் உண்ண ஆளில்லாத நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். மிகவும் மேலே போனால் நுண்ணுயிர்கள் பெருக நைட்ரஜன் கிடைக்காமல் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இப்போது பிழைக்கு வருவோம். விகிதம் என்பது பொருள் அல்ல. இரண்டு பொருள்களை வகுத்த ஈவு. கார்பனைத் தராசில் நிறுக்கலாம், நைட்ரஜனையும் நிறுக்கலாம். '500'-ஐ நிறுக்க முடியாது. மரத்தூளின் விகிதம் 500 ஆக இருப்பதற்குக் காரணம் அதில் கார்பன் மலைபோல் குவிந்திருப்பது அல்ல. காய்ந்த நிலையில் பார்த்தால் கழிவு, சருகு, மரத்தூள் மூன்றிலும் கார்பன் 45 முதல் 50 சதவீதம்தான். வேறுபடுவது நைட்ரஜன். மரத்தூளில் அது இல்லாத குறையாக இருப்பதால் ஈவு ஊதிப்போகிறது. அந்த ஊதிய எண்ணைச் சராசரியில் சேர்த்தால், ஒரு கைப்பிடி மரத்தூளே குவியலைக் காப்பாற்றிவிடும் என்று கணக்குப் பொய் சொல்லும்.

எனவே ஈவுகளை ஓரமாக வைத்துவிட்டு, கிராம்களில் கணக்கு எழுதுவோம். முதல் வேலை நீரைக் கழிப்பது. சமையலறைக் கழிவில் 80 சதவீதம் நீர் என்று கொண்டால், 10 கிலோவில் உண்மையான பொருள் 2 கிலோதான். அதில் கார்பன் 45 சதவீதம், அதாவது 900 கிராம். நைட்ரஜன் 2.5 சதவீதம், அதாவது 50 கிராம். 900-ஐ 50-ஆல் வகுத்தால் 18. அட்டவணை சொன்னது இதைத்தான். சருகிலும் மரத்தூளிலும் ஈரம் 10 சதவீதம் என்று கொள்வோம். ஒரு கிலோவில் காய்ந்த பொருள் 900 கிராம். சருகில் அதன் 48 சதவீதம் கார்பன், 0.8 சதவீதம் நைட்ரஜன்; அதாவது 432 கிராமும் 7.2 கிராமும். மரத்தூளில் 50 சதவீதமும் 0.1 சதவீதமும், அதாவது 450 கிராமும் 0.9 கிராமும்.

இனி கடைக்காரர் பேரேடு எழுதுவதுபோல் எழுதலாம். ஒவ்வொரு கிராம் நைட்ரஜனும் 30 கிராம் கார்பனைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவில் உள்ள 50 கிராம் நைட்ரஜன் கேட்பது 1500 கிராம். கையில் இருப்பது 900. ஆக, கடன் 600 கிராம் கார்பன். ஒரு கிலோ சருகு தன் சொந்த நைட்ரஜனுக்கு 216 கிராமை எடுத்துக்கொண்டு, மீதி 216 கிராமைக் கடன் அடைக்கத் தருகிறது. ஒரு கிலோ மரத்தூள் தனக்கென்று 27 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு 423 கிராம் தருகிறது. விகிதத்தில் எட்டு மடங்குக்கு மேல் வேறுபடும் இரண்டு பொருள்கள், கடன் அடைப்பதில் இரண்டு மடங்குக்குள்தான் வேறுபடுகின்றன. மரத்தூள் மட்டும் போடுவதானால் 600-ஐ 423-ஆல் வகுத்து 1.4 கிலோ. சருகு மட்டும் என்றால் 600-ஐ 216-ஆல் வகுத்து ஏறத்தாழ 2.8 கிலோ.

இரண்டையும் கலப்பதாக இருந்தால் ஒன்றை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். சருகு 2 கிலோ என்று வைப்போம். அது 432 கிராம் கடனை அடைக்கிறது. மிச்சம் 168 கிராம். அதற்கு 400 கிராம் மரத்தூள். சரிபார்ப்போம்:

```
பொருள்         எடை       கார்பன்    நைட்ரஜன்
கழிவு         10 கிலோ    900 கி     50.0 கி
சருகு          2 கிலோ    864 கி     14.4 கி
மரத்தூள்      0.4 கிலோ   180 கி      0.4 கி
மொத்தம்     12.4 கிலோ   1944 கி     64.8 கி
விகிதம்: 1944 ÷ 64.8 = 30
```

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே குவியலுக்கு நீரின் கணக்கையும் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. கழிவில் 8 கிலோ நீர், சருகிலும் மரத்தூளிலும் சேர்த்து 240 கிராம். 12.4 கிலோவில் 8.24 கிலோ நீர் என்றால் ஈரப்பதம் 66 சதவீதத்துக்கும் மேல். குவியலுக்கு ஏற்றது 50 முதல் 60 வரை. அதைத் தாண்டினால் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொள்ளும். காற்று இல்லாத இடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையைப் பிடித்துக்கொண்டு அழுகல் நாற்றத்தைக் கிளப்பும். கார்பன் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதைத் தடுக்காது. சமையலறைக் கழிவைப் பொறுத்தவரை, முதலில் இடிப்பது விகிதம் அல்ல, நீர்தான் என்பது என் அனுபவம்.

ஈரத்தை 60-க்கு இறக்க இன்னும் 1.6 கிலோ உலர்ந்த பொருள் வேண்டும். அதை மரத்தூளாகப் போட்டால் விகிதம் 40-க்கு ஏறிவிடும். சருகாகப் போட்டால் 34 அல்லது 35-இல் நிற்கும். ஈரத்தைக் குறைக்கச் சருகுதான் ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்: எடையைச் சேர்க்கும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் நைட்ரஜனையும் கொண்டுவருகிறது. 34 என்பது கொஞ்சம் மெதுவாக மக்கும் விகிதம். கெட்டுப்போகும் விகிதம் அல்ல. உலர்ந்த பொருளைக் கூட்ட மனமில்லாவிட்டால், கழிவை நறுக்கிப் பரப்பி, 2 கிலோ நீர் ஆவியாகும்வரை வாடவிட்டுப் பிறகு கலக்கலாம். விகிதம் 30-இலேயே இருக்கும், ஈரமும் 60-க்கு வந்துவிடும். பிழிந்தோ வடித்தோ நீரை எடுப்பது வேறு. வடியும் சாற்றோடு நைட்ரஜனும் கொஞ்சம் போய்விடும், கணக்கு அந்த அளவுக்குத் தளரும்.

இந்த எண்களெல்லாம் என் குவியலுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். அட்டவணை எண்கள் வரம்புகள்தான். மரத்தூளின் விகிதம் 200-க்கும் இறங்கும், 700-க்கும் ஏறும். வேடிக்கை என்னவென்றால், அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை. 500 என்பது 200 ஆகிப்போனாலும் ஒரு கிலோ மரத்தூள் அடைக்கும் கடன் 423 கிராமிலிருந்து 382-க்குத்தான் இறங்குகிறது. சருகு அப்படி அல்ல. மரத்துக்கு மரம் 40 முதல் 80 வரை மாறும். 40 என்றால் ஒரு கிலோ 108 கிராம்தான் தரும், 80 என்றால் 270 தரும். எல்லாவற்றையும்விடக் கழிவின் எண்தான் கணக்கை ஆட்டிவைக்கிறது. அதன் நைட்ரஜன் 2.5-க்குப் பதில் 3 சதவீதம் என்றால், கடன் 600-லிருந்து 900-க்குத் தாவிவிடும். பருப்பு, பயறு, காபித்தூள் சக்கை போன்றவை கழிவில் அதிகம் இருக்கும் நாள்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நைட்ரஜனை வீட்டில் அளக்க வழியில்லை. ஈரத்தை அளக்கலாம். நன்றாகக் கலந்த கழிவில் 100 கிராம் எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் வைத்த அடுப்புப் பெட்டியில் எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்துங்கள். 20 கிராம் மிஞ்சினால் ஈரம் 80 சதவீதம். கலந்த குவியலுக்கு அதுகூட வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியும்போது விரலிடுக்கில் ஓரிரு சொட்டு தெரிந்தால் 60-ஐ ஒட்டி இருக்கிறது, ஒழுகினால் அதிகம். எடைபோடும் வேலையும் ஒருமுறைதான். உங்கள் வாளியில் நொறுக்கிய சருகு எத்தனை கிராம் பிடிக்கிறது, மரத்தூள் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த முறையிலிருந்து வாளிக் கணக்குப் போதும்.

போட்ட பிறகு தவறைச் சொல்வது மூக்கு. கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் அது அம்மோனியா, கார்பன் கடன் பாக்கி இருக்கிறது. மரத்தூள் தூவிக் கிளறலாம். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றும் ஈரமும்தான் பிரச்சினை. சருகு சேர்த்துப் புரட்ட வேண்டும், மரத்தூள் மட்டும் கொட்டினால் அது படிந்து இன்னும் அடைத்துக்கொள்ளும். வாடையும் இல்லை, சூடும் இல்லை என்றால் கார்பன் மிகுந்திருக்கலாம், காய்ந்துபோயிருக்கலாம், அல்லது குவியல் சிறியதாக இருக்கலாம். நம்முடைய 14 கிலோக் குவியல் சூட்டைப் பிடித்துவைக்காது. அதற்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வேண்டும். ஆகவே சூடில்லை என்பதற்காக விகிதத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

மரத்தூளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதன் கார்பனில் கணிசமான பகுதி லிக்னின் என்ற கடினமான பொருளில் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைக்கப் பூஞ்சைகளால்தான் நன்றாக முடியும், அவையும் நிதானமாகத்தான் செய்யும். பேரேட்டில் 180 கிராம் என்று எழுதினாலும், முதல் சில வாரங்களில் கைக்கு வருவது அதில் ஒரு பகுதியே. கலவையில் சருகுக்குப் பெரும்பங்கு கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உரம் முதிர்ந்து விகிதம் 20-க்குக் கீழே வந்த பிறகும் மரத்தூள் மணிகள் அங்கங்கே கண்ணுக்குத் தெரியும். அவற்றை அப்படியே மண்ணில் கலந்தால், மிச்சக் கார்பனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். சலித்து எடுத்து அடுத்த குவியலில் போட்டுவிடுவேன். அதில் பூஞ்சை ஏற்கெனவே குடியேறியிருக்கும் என்பதால், புது மரத்தூளைவிட அது வேகமாகக் கடனை அடைக்கிறது.