முக்கால் மீட்டரில் ஒரு ரவிக்கை: பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்?

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். பின்னங்களின் வகுத்தலை நடத்தி முடித்த மறுவாரம் வைக்கும் சிறு தேர்வில், ஆண்டுதோறும் ஒரே மாதிரியான தவறுகள் வந்து விழும். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 5 ÷ 3/4 என்ற கணக்குக்கு 15/4, அதாவது மூன்றே முக்கால் என்று விடை எழுதியிருந்தாள். தலைகீழாக்க மறந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவள் மறக்கவில்லை. முதலில் 20/3 என்று சரியாக எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு மாற்றியிருந்தாள். காரணம் கேட்டபோது, "வகுத்தா சின்னதாத்தானே ஆகணும் மிஸ், இது அஞ்சை விடப் பெருசா வருதே" என்றாள்.

அவளுடைய ஐயம் நியாயமானது. முழு எண்களோடு மட்டும் பழகிய பிள்ளைக்கு வகுத்தல் என்றால் பங்கு போடுவது, பங்கு போட்டால் குறையும். "வகுத்தல் வந்தால் திருப்பிப் போட்டுப் பெருக்கு" என்று நாம் கொடுத்த வாய்ப்பாடு அந்த அனுபவத்தோடு மோதும்போது, பிள்ளை வாய்ப்பாட்டைக் கைவிட்டுத் தன் அனுபவத்தை நம்புகிறது. அதைக் குறை சொல்வதைவிட, வாய்ப்பாடு எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதே நம் வேலை.

அவளுடைய அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். எம்.சி. ரோட்டில் துணி எடுத்து வந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். ஆகவே கணக்கை அப்படியே துணிக்கு மாற்றினேன். ஒரு ரவிக்கைக்கு முக்கால் மீட்டர் துணி என்று வைத்துக்கொள்வோம். உயரமும் கை நீளமும் கூடினால் துணியும் கூடும் என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஐந்து மீட்டர் துணியில் எத்தனை ரவிக்கை? யோசிக்காமலே, "அஞ்சுக்கு மேலதான் வரும், ஒண்ணுக்கு ஒரு மீட்டர்கூட ஆகாதே" என்றாள். 5 ÷ 3/4 கேட்பதும் இதே கேள்வியைத்தான்: ஐந்துக்குள் எத்தனை முக்கால் இருக்கிறது? அளக்கும் துண்டு ஒன்றைவிடச் சிறியதாக இருந்தால், துண்டுகளின் எண்ணிக்கை மீட்டர்களின் எண்ணிக்கையைவிடக் கூடத்தான் செய்யும். கணக்கைத் தொடங்கும் முன்பே இந்த அளவுக்கு மதிப்பிட முடிந்தால், மூன்றே முக்கால் என்ற விடையைப் பிள்ளையே தள்ளிவிடும்.

அடுத்து, ஐந்து மீட்டரையும் ஒரேயடியாக எடுக்காமல் ஒரு மீட்டரை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஒரு மீட்டரில் எத்தனை ரவிக்கை வெட்டலாம்? ஒன்று வெட்டியபின் கால் மீட்டர் மிஞ்சுகிறது. இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் "ஒன்றே கால் ரவிக்கை" என்றார்கள், இரண்டொருவர் "ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும்" என்றார்கள். பாடம் முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இதற்கு ஒரு பாட வேளையே போனாலும் பரவாயில்லை.

மிஞ்சியிருப்பது கால்தான், ஆனால் எதில் கால்? மீட்டரில் கால். நாம் எண்ணிக்கொண்டிருப்பதோ மீட்டரை அல்ல, ரவிக்கையை. ஒரு ரவிக்கைக்கு மூன்று கால் மீட்டர் வேண்டும். கையில் இருப்பது அந்த மூன்றில் ஒன்று. ஆகவே அந்தத் துண்டு மூன்றில் ஒரு ரவிக்கை. அப்படியானால் ஒரு மீட்டரில் அடங்குவது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும், அதாவது 4/3 ரவிக்கை. 3/4-இன் தலைகீழி என்று நாம் மனப்பாடம் செய்யும் எண் இதுதான். அது ஏதோ எண்களைக் கவிழ்த்து வைக்கும் வித்தையால் வருவதில்லை. "ஒன்றுக்குள் எத்தனை முக்கால்?" என்ற கேள்விக்கு அது விடை. ஒரு மீட்டருக்கு 4/3 என்றால் ஐந்து மீட்டருக்கு அதைப்போல் ஐந்து மடங்கு. பெருக்கல் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான்: 5 × 4/3 = 20/3, அதாவது ஆறும் மூன்றில் இரண்டு பங்கும்.

தையற்காரர் எவரும் மீட்டர் மீட்டராக நறுக்கி, மூன்றில் ஒரு ரவிக்கைத் துண்டுகளை ஒட்டவைக்க மாட்டார் என்று ஒரு மாணவன் மறுத்தான். சரிதான். இங்கே ஒரு மீட்டர் என்பது எண்ணுவதற்கான அலகு, கத்தரிக்கோல் வைக்கும் இடம் அன்று.

அவனுக்காகவே அதே கணக்கைக் கரும்பலகையில் வேறு விதமாக வரைந்தேன். ஐந்து மீட்டர் துணியை ஒரு நீண்ட பட்டையாக வரைந்து, ஒவ்வொரு மீட்டரையும் நான்கு கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டம் கால் மீட்டர், மொத்தம் 5 × 4 = 20 கட்டங்கள். இனி முக்கால் என்ற சொல்லைக் கவனியுங்கள். அது மூன்று கால் என்றுதான் சொல்கிறது. ஒரு ரவிக்கைக்கு மூன்று கட்டங்கள். ஆகவே இருபது கட்டங்களை மும்மூன்றாகப் பிரிக்கவேண்டும்: 20 ÷ 3. பகுதியான 4 பெருக்க வருவதற்குக் காரணம், அது துணியைக் கால்களாக உடைக்கிறது. தொகுதியான 3 வகுக்க வருவதற்குக் காரணம், அது அந்தக் கால்களை மூன்று மூன்றாகக் கட்டுகிறது. நான்கால் பெருக்கி மூன்றால் வகுப்பதைச் சேர்த்து எழுதினால் அதுதான் 4/3-ஆல் பெருக்குவது.

கட்டங்களை மும்மூன்றாகச் சுழித்துக்கொண்டே வந்தால் ஆறு ரவிக்கைகளுக்குப் பதினெட்டுக் கட்டங்கள் போய், இரண்டு கட்டங்கள் மிஞ்சும். விடையில் மூன்றில் இரண்டு என்று வந்திருப்பதால் மிச்சத் துணி மூன்றில் இரண்டு மீட்டர் என்று எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆசிரியர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்தால் குழப்பம் இல்லை. இரண்டு கட்டங்கள் என்பது அரை மீட்டர். அந்த அரை மீட்டர், ஒரு ரவிக்கைக்கு வேண்டிய மூன்று கட்டங்களில் இரண்டு. துணிக்கடைக்காரருக்கு அது அரை மீட்டர், தைப்பவருக்கு மூன்றில் இரண்டு ரவிக்கை. வகுத்தல் கொடுத்த விடை எப்போதும் இரண்டாவது கணக்கில்தான் இருக்கும். விடைக்குப் பக்கத்தில் 'மீட்டர்', 'ரவிக்கை' என்று அலகை எழுதவைத்தாலே இந்தத் தவறு வெளியே தெரிந்துவிடும்.

இந்த மிச்சத் துண்டிலிருந்தே பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கும் கிடைத்துவிடுகிறது. 1/2 ÷ 3/4 என்றால், அரை மீட்டர் துணி எத்தனை ரவிக்கைக்கு ஆகும் என்று பொருள். ஒரு மீட்டருக்கு 4/3 என்று முன்பே தெரியும். அரை மீட்டருக்கு அதில் பாதி, 2/3. சற்றுமுன் பட்டையில் எண்ணியதும் அதே 2/3. இந்த முறை விடை ஒன்றைவிடக் குறைவு, ஏனென்றால் இருக்கும் துணி ஒரு முழு ரவிக்கைக்குப் போதாது. ஆனாலும் வகுபட்ட அரையைவிட அது பெரியதுதான்.

மொழியில் உள்ள ஒரு வழுக்கலையும் சொல்லவேண்டும். ஆறைப் பாதியாக்கு என்றால் மூன்று. ஆறை அரையால் வகு என்றால் பன்னிரண்டு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் பிள்ளைகள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நம்புகிறார்கள். ஆறு லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சரிபாதியாக ஊற்றுவது ஒன்று, அதே பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் அடைப்பது வேறு என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

எல்லா வகுத்தலும் "எத்தனை துண்டு?" என்று கேட்பதில்லை. காசிமேட்டில் முக்கால் கிலோ மீனை 240 ரூபாய்க்கு வாங்கினோம், கிலோ என்ன விலை? இதுவும் 240 ÷ 3/4 தான், ஆனால் 240-க்குள் எத்தனை முக்கால் என்று பார்ப்பது இங்கே பொருந்தாது. மீன் விற்கும் அம்மா இதை எப்படிப் போடுவார் என்று கேட்டதும் வகுப்பில் பலர் ஒரே குரலில் சொன்னார்கள்: முக்காலுக்கு இருநூற்று நாற்பது என்றால் காலுக்கு எண்பது, கிலோவுக்கு முந்நூற்று இருபது. மூன்றால் வகுத்து, நான்கால் பெருக்கியாகிவிட்டது. துணியில் முதலில் நான்கால் பெருக்கினோம், இங்கே முதலில் மூன்றால் வகுத்தோம்; வரிசை மாறினாலும் செய்வது 4/3-ஆல் பெருக்குவதே. அங்கே ஒரு மீட்டருக்கு எத்தனை என்று பார்த்தோம், இங்கே ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். இரண்டிலும் 'ஒன்று' என்பதற்கு வந்து சேர்வதுதான் வேலை.

தலைகீழாக்குவதில் கை தடுமாறும் இடங்கள் பல. வகுபடும் எண்ணைத் திருப்பிவிடுவது, இரண்டையுமே திருப்பிவிடுவது ஆகியவற்றைத் துணிப் பட்டை வரைந்தாலே பிள்ளைகள் தாமாகத் திருத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் "ஒரு மீட்டருக்கு எத்தனை?" என்ற கேள்வி ரவிக்கையின் அளவைப் பற்றியதே தவிர, கையில் உள்ள துணியைப் பற்றியது அன்று. கலப்புப் பின்னம்தான் தொல்லை. ஒரு சுடிதாருக்கு இரண்டரை மீட்டர் என்றால், அதில் உள்ள அரையை மட்டும் கவிழ்த்து 2 2/1 என்று எழுதுகிறார்கள். அப்படியானால் ஒரு மீட்டரில் நான்கு சுடிதார் என்று ஆகும். இரண்டரை என்பது ஐந்து அரைகள், 5/2. ஒரு மீட்டரில் இரண்டு அரைகள்தான் உண்டு, ஆகவே அது ஐந்தில் இரண்டு சுடிதாருக்குத்தான் வரும்: 2/5. பத்து மீட்டரில் 10 × 2/5, நான்கு சுடிதார்.

அந்த மாணவி மறுநாள் நோட்டில் 5 ÷ 3/4-ஐ மீண்டும் போட்டு எடுத்து வந்தாள். விடை 20/3 என்று இருந்தது; அதன் கீழே, "6 ரவிக்கை, மிச்சம் அரை மீட்டர். கைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னார்கள்" என்று எழுதியிருந்தாள்.