ஒரே விதி இரண்டு இடங்களில்: பிக்குணி சங்கத்தின் எட்டுக் கடும் நெறிகளை வரலாற்றாய்வாளர்கள் படிக்கும் முறை

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் பாலி வினய நூலில், பெண் துறவியரின் அமைப்பான பிக்குணி சங்கம் தோன்றிய கதை ஒரு வாசலில் உச்சம் அடைகிறது. புத்தரின் சிற்றன்னையும் அவரை வளர்த்தவருமான மகாபிரஜாபதி கௌதமி, கபிலவஸ்துவில் மூன்று முறை துறவு கேட்டும் மறுக்கப்படுகிறார். பின்னர் தலைமுடியை மழித்துக்கொண்டு, காவி உடுத்தி, சாக்கியப் பெண்கள் பலரோடு வைசாலிக்கு நடந்தே வந்து, வீங்கிய கால்களும் புழுதி படிந்த உடம்புமாக மண்டபத்து வாசலில் அழுதுகொண்டு நிற்கிறார். அவருக்காகப் பேச வரும் ஆனந்தர், பெண்கள் துறவு பூண்டால் முழு விடுதலை பெற்ற அருகதர் நிலையை அடைய இயலுமா என்று கேட்கிறார். இயலும் என்று புத்தர் ஒப்புக்கொள்கிறார். ஆனால், கௌதமி எட்டுக் கடும் நெறிகளை ஏற்றால் அதுவே அவருக்குத் தீட்சையாகும் என்கிறார். ஏரியில் நீர் வழிந்துவிடாதபடி முன்கூட்டியே கரை கட்டுவது போல இந்த நெறிகளைத் தாம் விதித்ததாக அவர் கூறுவதாகவும் நூல் சொல்கிறது.

நூறு ஆண்டு துறவிலிருந்த பிக்குணியும் அன்றே தீட்சை பெற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது முதல் நெறி. பிக்குகள் இல்லாத இடத்தில் மழைக்காலம் தங்கக் கூடாது, எந்த வகையிலும் பிக்குவை ஏசக் கூடாது, இரண்டு ஆண்டுப் பயிற்சியை முடித்த பெண் பிக்கு, பிக்குணி ஆகிய இரு சங்கங்களிடமும் தீட்சை பெற வேண்டும் என்பவை மற்றவற்றுள் சில.

ஏரிக்கரை உவமையின்படி பார்த்தால், குற்றம் எதுவும் நிகழும் முன்பே இவை வகுக்கப்பட்டவை. ஆனால் வினயத்தின் வழக்கம் அதுவன்று. யாரோ ஒருவர் தவறுவார், ஊரார் குறை சொல்வார்கள், செய்தி புத்தரிடம் போகும், அதன் பிறகே விதி பிறக்கும். விதி இல்லாத காலத்தில் முதலில் அதைச் செய்தவருக்குக் குற்றமில்லை. இந்த எட்டு நெறிகளில் பலவற்றுக்கு இணையான விதிகள், தனித்தனிப் பின்னணிக் கதைகளோடு பிக்குணிகளின் விதித்தொகுப்பிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

ஏசக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். வைசாலியில் மூத்த பிக்குணி ஒருவர் இறந்ததும், அவருடைய தோழியர் சுடுகாட்டில் ஒரு தூபி எழுப்பி அங்கே சென்று அழுகிறார்கள். அருகே வசித்த கப்பிதகர் என்ற பிக்கு, அந்த ஓசை பொறுக்காமல் தூபியை இடித்துவிடுகிறார். அவர்கள் அவரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். கப்பிதகரின் மாணவரான உபாலிக்கு அது தெரிந்து ஆசிரியரை எச்சரிக்க, அவர் தப்பிவிடுகிறார். சினமுற்ற பிக்குணிகள் உபாலியைக் குலத்தைச் சொல்லி ஏசுகிறார்கள். அதன் விளைவாகத்தான், பிக்குவை ஏசும் பிக்குணிக்குக் குற்றம் என்ற விதி அறிவிக்கப்படுகிறது. ஏசாமை என்பது சங்கம் தொடங்கிய நாளிலேயே அனைவரும் ஏற்ற நிபந்தனையாக இருந்திருந்தால், இங்கே புதிய விதிக்குத் தேவையே இருந்திராது. முதலில் ஏசியவருக்கு விலக்கு அளிப்பதும் பொருந்தாது.

தண்டனையும் முரண்படுகிறது. விதித்தொகுப்பின்படி, ஏசியவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் கடும் நெறி ஒன்றை மீறியவர் அரை மாதம் இரு சங்கங்களின் முன்னும் தவக்கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று அந்த எட்டில் ஒன்றே கூறுகிறது. ஒரே செயலுக்கு ஒரே நூலில் இரு வேறு கணக்குகள் நிற்கின்றன. தீட்சை பற்றிய நெறியும் இப்படித்தான்: பிக்குணி சங்கமே இல்லாத ஒரு நாளில், இரு சங்கங்களிடமும் தீட்சை பெற வேண்டும் என்று சொல்வது, அந்தச் சங்கம் வளர்ந்து நிலைபெற்ற காலத்தின் ஏற்பாடாகவே தெரிகிறது.

ஆகவே, தனித்தனியாகத் தோன்றிய விதிகள் பிற்காலத்தில் எட்டாகத் திரட்டப்பட்டு, தொடக்கக் கதையின் உள்ளே வைக்கப்பட்டன என்று பலர் கருதுகிறார்கள். இந்த வாதத்தை எனக்கு ஏற்கத் தோன்றுகிறது. எனினும் அது எதுவரை செல்லும் என்பதில் கவனம் தேவை. பிக்குணி சங்கமே புத்தருக்குப் பின் தோன்றியது என்று ஜெர்மானிய இந்தியவியலாளர் ஓஸ்கர் வான் ஹினூபர் வாதிட்டார். பௌத்தத் துறவியும் ஆய்வாளருமான அனாலயோ அதை மறுத்தார். பல பௌத்தப் பிரிவுகளின் வினயங்களிலும் தொடக்கக் கதை இருப்பதால், அதை ஒரு பிரிவினரின் புனைவு என்று ஒதுக்குவது எளிதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கத்தில் பிளவு செய்வோரை எச்சரிக்கும் அசோகரின் சாசனங்கள், பிக்குகளோடு பிக்குணிகளையும் சேர்த்தே பேசுகின்றன.

எட்டும் ஒருங்கே வந்த தெய்வக் கட்டளையாகப் பார்க்கப்படாத ஒரு காலத்தின் சுவடு அந்த நூலிலேயே இருக்கிறது. தொடக்கக் கதை முடிந்த பிறகு, கௌதமி மீண்டும் ஆனந்தர் வழியாக ஒன்று கேட்கிறார்: பிக்குகளும் பிக்குணிகளும் துறவில் மூத்தவர் இளையவர் என்ற வரிசைப்படி ஒருவரையொருவர் வணங்கலாகாதா? தாம் தலைமேல் சூடி ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன அதே முதல் நெறியைத்தான் அவர் மாற்றக் கேட்கிறார். மறுப்புக்குச் சொல்லப்படும் காரணம் பெண்களின் ஆன்மிகத் தகுதியைப் பற்றியதன்று: முறையற்ற போதனை கொண்ட பிற சமயத்தாரே பெண்களை வணங்க இசையாதபோது, புத்தர் எவ்வாறு இசைவார் என்பதே அது.