ஒருமுறை தொகையிட்டாலே பாதி வேலை முடியும் சமன்பாடுகள்

கொதிநீர் ஓடும் ஒரு குழாய். அதைச் சுற்றி வெப்பக் காப்பு உறை. உறையின் உள் ஆரம் 25 மி.மீ., வெளி ஆரம் 50 மி.மீ. உள்பரப்பு 90 °C-யிலும் வெளிப்பரப்பு 40 °C-யிலும் நிலையாக இருக்கின்றன. உறையின் நடுவில், அதாவது 37.5 மி.மீ. ஆரத்தில், வெப்பநிலை எவ்வளவு? இரண்டு எல்லைகளின் சராசரியான 65 °C என்றுதான் முதலில் தோன்றும். அது தவறு.

நிலையான வெப்ப ஓட்டத்தில், ஆரம் r-இல் உள்ள வெப்பநிலை T இந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும்:

r T'' + T' = 0

இது இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. ஆனால் இடப்பக்கத்தை உற்றுப் பார்த்தால், அது r T' என்ற ஒற்றைக் கோவையின் வகைக்கெழு என்பது தெரியும். பெருக்கல் விதிப்படி (r T')' = r T'' + T'. ஒரு கோவையின் வகைக்கெழு எங்கும் சுழியம் என்றால் அந்தக் கோவை மாறிலி:

r T' = C

ஒரு தொகையிடலில் இரண்டாம் வரிசை முதல் வரிசையாக இறங்கிவிட்டது. T' = C/r என்பதை இன்னொரு முறை தொகையிட்டால் T = C ln r + D. எல்லை மதிப்புகளை இட்டால் C = −50/ln 2, அதாவது சுமார் −72.1. நடு ஆரத்தில் T = 90 − 72.1 × ln 1.5, ஏறத்தாழ 60.8 °C. சராசரியைவிட நாலு டிகிரிக்கு மேல் குறைவு. உள்பக்கம் சுற்றளவு சிறிது. அதே வெப்பம் குறுகலான பரப்பு வழியே போக வேண்டியிருப்பதால் வெப்பநிலை அங்கே செங்குத்தாக இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது C-தான். அது கணக்கை முடிப்பதற்காக ஒட்டவைத்த வெறும் எழுத்து அல்ல. ஒரு மீட்டர் நீளக் குழாயிலிருந்து வெளியேறும் வெப்பம் −2πk r T', அதாவது −2πkC. உறையின் வெப்பக் கடத்துதிறன் k = 0.04 W/m·K என்றால் இழப்பு மீட்டருக்குச் சுமார் 18 வாட். உறையின் எந்த அடுக்கில் அளந்தாலும் இதே 18 வாட்தான். முதல் தொகையிடலில் வரும் மாறிலி பெரும்பாலும் இப்படி ஏதோ ஒன்றின் பாய்வாகவே இருக்கும். அதை இன்னதென்று அடையாளம் கண்டுவிட்டால் அதன் மதிப்பைப் பல நேரம் மேற்கொண்டு தீர்க்காமலே சொல்லிவிடலாம். இந்த முறையின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இப்படி முழு இடப்பக்கமும் ஒரே கோவையின் வகைக்கெழுவாக அமையும் சமன்பாட்டைச் செப்பமான சமன்பாடு என்பார்கள். கண்ணால் பார்த்தே எப்போதும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் ஒரு சோதனை வேண்டும். பொதுவான நேரியல் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்:

P y'' + Q y' + R y = 0

இங்கே P, Q, R மூன்றும் x-இன் சார்புகள். இது A y' + B y என்ற கோவையின் வகைக்கெழுவாக இருக்க வேண்டும் என்று வைத்து விரித்தால் A y'' + (A' + B) y' + B' y கிடைக்கும். கெழுக்களை ஒப்பிட்டால் A = P, B = Q − P'. மூன்றாவது ஒப்பீடான B' = R தானாகப் பொருந்தாது; அதுதான் நிபந்தனை:

P'' − Q' + R = 0

குறிகள் + − + என்று மாறி மாறி வருவதை மறக்கக் கூடாது. நிபந்தனை நிறைவேறினால் முதல் தொகையீடு P y' + (Q − P') y = C. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, Q − P' என்பதற்குப் பதில் Q என்றே எழுதிவிடுவது. எழுதிய விடையை ஒருமுறை வகையிட்டுப் பார்த்தால் P' y' கூடுதலாக நிற்கும். பிழை உடனே தெரிந்துவிடும். வலப்பக்கம் சுழியமாக இல்லாமல் f(x) இருந்தாலும் சோதனை மாறாது. C-க்குப் பதிலாக f-இன் தொகையீட்டுடன் C சேர்ந்து வரும், அவ்வளவே.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. y''-இன் கெழுவை 1 ஆக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்ற பழக்கம் பலருக்கு இருக்கிறது. குழாய்ச் சமன்பாட்டை r-ஆல் வகுத்தால் T'' + T'/r = 0. இப்போது P = 1, Q = 1/r, R = 0; சோதனையில் 1/r² மிஞ்சுகிறது. தீர்வுகள் மாறவில்லை, ஆனால் செப்பம் போய்விட்டது. ஆகவே சமன்பாடு வந்த வடிவத்திலேயே முதலில் சோதிப்பது நல்லது. இயற்பியலில் இருந்து வரும் சமன்பாடுகள் பெரும்பாலும் ‘உள்ளே வந்தது, வெளியே போனது’ என்ற இருப்புக் கணக்கிலிருந்து பிறப்பவை. அந்த முதல் வடிவம் செப்பமாகவே இருக்கும். நாம் ‘எளிமையாக்கும்’போதுதான் அது கலைகிறது.

கண்ணுக்கு உடனே பிடிபடாத ஒன்று:

y'' + x y' + y = 0

P = 1, Q = x, R = 1. சோதனை: 0 − 1 + 1 = 0. செப்பமானது. முதல் தொகையீடு

y' + x y = C

இது முதல் வரிசை நேரியல் சமன்பாடு. தொகையீட்டுக் காரணி e^(x²/2). பெருக்கித் தொகையிட்டால்

y = e^(−x²/2) [ D + C ∫₀ˣ e^(t²/2) dt ]

அடைப்புக்குள் உள்ள தொகையீட்டை அடிப்படைச் சார்புகளால் எழுத முடியாது. அதனால் குறை ஒன்றுமில்லை, எண்முறையில் மதிப்பிடலாம். ஆனால் இந்தச் சிரமத்துக்கு அஞ்சி C-ஐ விட்டுவிட்டால் விடை எவ்வளவு விலகும் என்று பாருங்கள். y(0) = 1, y'(0) = 1 என்பவை ஆரம்ப நிபந்தனைகள் என்க. முதல் தொகையீட்டில் x = 0 இட்டதுமே C = 1 என்று கிடைக்கிறது; D-யும் 1. x = 3-இல் உண்மையான மதிப்பு சுமார் 0.40. C-ஐ மறந்து e^(−x²/2) மட்டும் எழுதினால் 0.011. முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். தொலைவில் C உள்ள பகுதி C/x போல மெதுவாகவும், மற்றது மிக வேகமாகவும் தேய்வதே காரணம். y(0) = 1 என்பதை இரண்டு விடைகளும் நிறைவேற்றும்; y'(0)-ஐச் சரிபார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதே சமன்பாடு 1930-இல் ஊலன்பெக், ஆர்ன்ஸ்டைன் இருவரும் ஆராய்ந்த துகள் இயக்கத்தோடு தொடர்புடையது. நீரில் மிதக்கும் நுண்துகள் ஒன்றை ஒரு சுருள்வில் மையத்தை நோக்கி இழுக்கிறது. மூலக்கூறு மோதல்கள் அதை அங்குமிங்கும் தள்ளுகின்றன. நீண்ட நேரத்துக்குப் பின் அத்துகள் x-இல் இருக்கும் நிகழ்தகவின் அடர்த்தி y, தகுந்த அலகுகளில், மேலே உள்ள சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்படும். அங்கே −(y' + x y) என்பது துகள்களின் பாய்வு. எங்கிருந்தும் துகள் உள்ளே வரவில்லை, எங்கும் வெளியேறவில்லை; ஆகவே C = 0. கடினமான அந்தத் தொகையீடு முழுதாக விழுந்து, மணிவடிவ வளைவு மட்டும் நிற்கிறது. முன் உதாரணத்தில் C-ஐ விடுவது பிழை, இங்கே விடுவது சரி. இரண்டையும் பிரிப்பது நிபந்தனைகள்தானே தவிர நம் வசதி அல்ல.

நேரியல் அல்லாத சமன்பாடுகளிலும் இந்த வழி செல்லும். சொல்லப்போனால் அங்கேதான் அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் வேறு வழிகள் குறைவு. 1915-இல் பேட்மனும் பின்னர் பர்கர்ஸும் ஆராய்ந்த பாய்மச் சமன்பாட்டின் நிலையான வடிவம் இது:

ν u'' − u u' = 0

ν பாகுநிலையைக் குறிக்கும். சோதனையின் பொது வடிவம்: சமன்பாட்டின் இடப்பக்கம் F என்றால், F-ஐ u-வைப் பொறுத்துப் பகுதி வகையிட்டதில் இருந்து, u'-ஐப் பொறுத்து வகையிட்டதன் x-வகைக்கெழுவைக் கழித்து, u''-ஐப் பொறுத்து வகையிட்டதன் இரண்டாம் x-வகைக்கெழுவைக் கூட்ட வேண்டும். விடை முற்றொருமையாகச் சுழியமானால் F செப்பமானது. இங்கே முதல் உறுப்பு −u', இரண்டாவது +u', மூன்றாவது 0. கூட்டினால் சுழியம். F நேரியலாக இருக்கும்போது இதே விதி P'' − Q' + R ஆகச் சுருங்கிவிடும்.

தொகையிட்டால் ν u' − u²/2 = C. இடப்புறம் வெகுதூரத்தில் வேகம் U என்றும் வலப்புறம் வெகுதூரத்தில் −U என்றும் கொள்வோம். அங்கே u' = 0 என்பதால் இரு முனைகளும் ஒரே C = −U²/2-ஐத் தருகின்றன. இனி u' = (u² − U²)/2ν; மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால்

u = −U tanh(Ux/2ν)

இது ஓர் அதிர்வலையின் குறுக்குவெட்டு. வேகம் U-விலிருந்து −U-வுக்குத் தாவும் பகுதியின் அகலம் 2ν/U அளவில் இருக்கும். பாகுநிலை குறையக் குறையத் தாவல் கூர்மையாகும். இந்த இறுதி வாய்பாட்டுக்கு வருமுன்பே C சொல்லிவிட்ட செய்தி ஒன்று உண்டு: இரு முனைகளின் வேகங்களும் அளவில் சமமாக இல்லாவிட்டால் u²/2 இரண்டு முனைகளிலும் ஒத்துப்போகாது. ஆகவே 5 என்ற வேகத்தையும் −3 என்ற வேகத்தையும் இணைக்கும் நிலையான தீர்வைத் தேடுவது வீண். அந்த அலை நகர்ந்தே தீரும், இரண்டின் சராசரியான 1 என்ற வேகத்தில்.

சோதனை தோற்றால்? y'' + y = 0 என்பதில் P'' − Q' + R = 1; செப்பமல்ல. சமன்பாட்டை ஒரு சார்பு μ-ஆல் பெருக்கிச் செப்பமாக்கலாம், μ இந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டால்:

(μP)'' − (μQ)' + μR = 0

இதைச் சேர்ப்புச் சமன்பாடு என்பார்கள். சிக்கல் என்னவென்றால் இதுவும் இரண்டாம் வரிசைச் சமன்பாடுதான். பல நேரம் மூலச் சமன்பாட்டைவிட எளிதாக இருக்காது. 1, x, 1/x, eˣ போன்ற சில எளிய சார்புகளை இட்டுப் பார்க்கலாம்; அவற்றில் ஒன்றும் பொருந்தாவிட்டால் வேறு முறைக்குப் போய்விடுவது காலத்தை மிச்சப்படுத்தும். குழாய்ச் சமன்பாட்டை r-ஆல் வகுத்துக் கெடுத்திருந்தால் μ = r அதை மீட்டுத் தரும்.

y'' + y = 0-க்கு இந்த நிபந்தனை μ'' + μ = 0 ஆகிறது, அதாவது அதே சமன்பாடே திரும்பி வருகிறது. இருந்தாலும் cos x, sin x இரண்டும் பொருந்தும் என்பது நமக்குத் தெரியும். முதலாவதால் பெருக்கினால் y' cos x + y sin x = C₁; இரண்டாவதால் பெருக்கினால் y' sin x − y cos x = C₂. முதலாவதை sin x-ஆலும் இரண்டாவதை cos x-ஆலும் பெருக்கிக் கழித்தால் y' மறைந்துவிடுகிறது: y = C₁ sin x − C₂ cos x. இரண்டு பெருக்கிகள் கையில் இருந்தால் இரண்டாவது தொகையிடலே தேவைப்படுவதில்லை.