தள்ளி நின்று போட்ட மீன்

தீக்காயப் பிரிவுக்கு எண்ணெய் தெறித்து வருகிறவர்களின் காயத்தைப் பார்த்தால், அவர்கள் அடுப்பின் முன் எப்படி நின்றார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு வந்த பெண்ணுக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல் இருக்கும். வலது புறங்கையிலும் முன்கையிலும் காயம். அது தவிர, வலது காதுக்குக் கீழே கழுத்தில் ஐந்தாறு இடங்களில் கொப்புளம். முகத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. மீனைப் போடும்போதே முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். தெறிக்கும் என்று அவருக்கு முன்னரே தெரிந்திருக்கிறது.

"நான் தள்ளி நின்றுதான் போட்டேன் டாக்டர்" என்றார். பிரச்சினையே அதுதான் என்று அந்த நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டபிறகு மெதுவாகக் கேட்டேன். அரைக் கிலோ சாளை. கழுவி, மசாலா தடவி, அரை மணி நேரம் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். குழந்தைகள் பசி என்று நச்சரித்ததால் மூன்று மீன்களை ஒன்றாக அள்ளி, அரை அடி உயரத்திலிருந்து வாணலியில் போட்டுவிட்டுக் கையை இழுத்திருக்கிறார். "ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம்தான் வெடித்தது" என்றார்.

அந்த ஒரு நொடி அமைதியில்தான் விஷயம் இருக்கிறது.

எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. அதனால் எண்ணெயில் விழும் தண்ணீர்த் துளி மேலே மிதப்பதில்லை, உள்ளே இறங்குகிறது. பொரிக்கிற எண்ணெயின் சூடு ஏறத்தாழ 170 முதல் 180 டிகிரி. தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். ஆனால் சுற்றிலும் எண்ணெய் சூழ்ந்த சிறு துளிக்குள் முதல் ஆவிக்குமிழ் உருவாக இடம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே அது 100 டிகிரியைத் தாண்டியும் சிறிது நேரம் தண்ணீராகவே இருக்கிறது. பிறகு மொத்தமாக ஒரே கணத்தில் ஆவியாகிறது. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். எண்ணெய்க்கு அடியில் இருந்த ஒரு துளி இப்படி விரிந்தால், அதற்கு மேலே இருக்கும் எண்ணெய் எங்கே போகும்? வாணலிக்கு வெளியேதான்.

தண்ணீர் இருந்தாலே தெறிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. பஜ்ஜி மாவில் இல்லாத தண்ணீரா? ஆனாலும் பஜ்ஜி சொய்யென்று பொங்குகிறதே தவிர வெடிப்பதில்லை. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, சிறு குமிழ்களாக வழி கண்டுபிடித்து வெளியேறிவிடுகிறது. ஆபத்து இரண்டு வகைத் தண்ணீரில் இருக்கிறது. ஒன்று, பொருளின் மேலே சும்மா ஒட்டிக்கொண்டோ தேங்கியோ நிற்கும் தண்ணீர். மற்றொன்று, வெளியேற வழியில்லாமல் உள்ளே அடைபட்ட ஈரம். கோகுலாஷ்டமிக்குச் செய்கிற சீடை வெடிப்பது இரண்டாவது வகை. மேல் ஓடு முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் ஆவி அதை உடைத்துக்கொண்டு வருகிறது. முழுப் பச்சை மிளகாயும் மீன் சினையும் அதே கதைதான். மிளகாயைக் கீறிவிட்டும் சினையின் சவ்வைக் குத்திவிட்டும் போட்டால் ஆவிக்கு வழி கிடைத்துவிடும். சீடையைப் பற்றி எழுதினால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும், மீனுக்கு வருகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அரைக் கிலோ சாளை வாங்கி, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கழுவியதும் கையால் உதறிவிட்டு ஒரு முறை எடை. வடிதட்டில் வைத்து, துணியால் ஒற்றியபின் மறுபடி ஒரு முறை. வித்தியாசம் 25 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஐந்து தேக்கரண்டித் தண்ணீர். அவ்வளவும் ஆவியானால் நாற்பது லிட்டருக்கு மேல், இரண்டு பெரிய தண்ணீர் கேன் அளவு வரும். அந்தத் தண்ணீர் எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. தோலில் அதிகமில்லை. குடல் எடுத்த வயிற்றுக் குழிக்குள்ளும், தலையை விட்டு வைத்திருந்த மீன்களின் செவுளுக்கு உள்ளேயும்தான் இருந்தது. மீனை வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியபோது வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்தப் பெண்ணின் வாணலியில் ஒரே நேரத்தில் மூன்று வயிறுகள் கவிழ்ந்திருக்கின்றன.

ஆகவே காயவைப்பது என்றால் மேலே ஒரு முறை துடைப்பது ஆகாது. கழுவிய மீனை வயிறு கீழ்நோக்கி இருக்கும்படி வடிதட்டில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு இதற்கென்றே வைத்திருக்கும் பழைய பருத்தித் துணியால், தேய்க்காமல், ஒற்றி எடுக்க வேண்டும். துணியின் ஒரு முனையை விரலில் சுற்றி வயிற்றுக்குள் விட்டு ஒரு முறை எடுத்தால் உள்ளே இருப்பது வந்துவிடும். சீலா போன்ற பெரிய மீனைத் துண்டு போட்டிருந்தால் இது இன்னும் எளிது, இரண்டு முகத்தையும் ஒற்றினால் போதும். கணவாய் வேறு மாதிரி. அதன் குழாய் போன்ற உடலுக்குள் தண்ணீர் பதுங்கும், ஆகவே வளையமாக நறுக்கிய பிறகுதான் துடைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் மசாலா தடவி வைத்தவுடன் மறுபடி ஈரம் வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுக்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகு கிண்ணத்தின் அடியில் சிவப்பாக ஒரு குளம் நிற்பது அதனால்தான். அந்தக் குளத்திலிருந்து நேராக வாணலிக்கு மீனை எடுத்தால், துடைத்த வேலையெல்லாம் வீண். மசாலாவைத் தண்ணீர் விட்டுக் கரைக்காமல், கொஞ்சம் எண்ணெயோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் கெட்டியாகப் பிசைந்து தடவுங்கள். கிண்ணத்தில் குவிக்காமல் தட்டில் பரப்பி, தட்டின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் ஊறும் நீர் மறுபக்கம் வடிந்து நிற்கும். பொரிப்பதற்கு முன் மீனின் மேல் அரிசி மாவை மெலிதாகத் தூவினால், மிச்ச ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். மாவைக் குவியலாகப் போட வேண்டாம். உதிர்ந்த மாவு எண்ணெயில் கருகும்.

வாணலியும் உலர்ந்திருக்க வேண்டும். கழுவிய வாணலியில் இரண்டு துளி தண்ணீர் இருக்கும்போதே எண்ணெயை ஊற்றிவிட்டு, சூடேறியதும் படபடவென்று அடிப்பதைக் கேட்டு எண்ணெயைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. வெறும் வாணலியை அடுப்பில் வைத்து ஈரம் போனபின் எண்ணெய் ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. சூடு குறைவாக இருக்கும்போதே மீனைப் போட்டால் தெறிக்காது என்ற நம்பிக்கையும் தவறு. ஈரம் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டு, சூடு ஏறிய பிறகு மொத்தமாகக் கிளம்பும். நீங்கள் குனிந்து பார்க்கும் நேரமாக அது இருக்கலாம். எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பு போடுகிற பழக்கமும் இருக்கிறது. ஓரிரு துளி ஈரத்துக்கு அது ஏதாவது உதவலாம். வயிறு நிறைய நிற்கும் தண்ணீருக்கு உதவாது.

எண்ணெய் வாணலியின் பாதிக்கு மேல் போக வேண்டாம். உலர்ந்த மரக்கரண்டியின் காம்பை அதில் நிறுத்தினால் சுற்றிலும் சிறு குமிழ்கள் தொடர்ந்து வர வேண்டும், அதுதான் போடும் பதம். புகை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

இப்போது அந்த அரை அடிக்கு வருவோம். பயந்தவர் கையை உயரத்தில் வைத்துப் பொருளை விடுகிறார். விழுகிற பொருள் எண்ணெயை அடித்துத் தெறிக்கவைக்கிறது, தண்ணீர் எதுவும் இல்லாவிட்டாலும்கூட. அதோடு ஈரமும் ஒரே அடியாக உள்ளே போகிறது. பத்திரமான கை எண்ணெய்க்கு மிக அருகில் இருக்கிற கைதான். இதை நம்பவைப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. வாலைப் பிடித்து, தலைப்பக்க விளிம்பை மட்டும் வாணலியின் பக்கச்சுவரை ஒட்டி எண்ணெயில் தொடவிடுங்கள். சொய்ங் என்ற சத்தம் சீராக வந்தால் மீதியை மெல்லச் சாய்க்கலாம். சடசடவென்று அடித்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, மீனை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். முழு மீனும் உள்ளே போய்விட்டால் அந்த வாய்ப்பு கிடையாது. சாய்க்கும்போது கடைசியாக விழும் வால் உங்களுக்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும். உங்கள் பக்கம் விழுந்தால் அலை உங்கள் மேல் வரும். கையால் முடியாது என்றால் ஜல்லிக்கரண்டியில் மீனை வைத்து, கரண்டியையே எண்ணெயில் இறக்கி, மீன் தானாக நழுவும்படி சாய்த்து எடுங்கள். ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் இடையில் நுரை அடங்கும்வரை பொறுத்திருங்கள்.

தெறிக்கிறது என்று இறுக்கமான மூடி போடுவதில் இன்னொரு வம்பு இருக்கிறது. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகத் திரண்டு நிற்கும். திறக்கும்போது அப்படியே தூக்கினால் அந்தத் தண்ணீர் எல்லாம் எண்ணெயில் கொட்டும். சல்லடை போன்ற மூடி நல்லது. சாதாரண மூடிதான் இருக்கிறது என்றால், சற்றே திறந்து வைத்து, எடுக்கும்போது நீர் வாணலிக்கு வெளியே வடியுமாறு பக்கவாட்டில் நழுவவிடுங்கள்.

எவ்வளவு செய்தும் தெறித்துவிட்டால், முதலில் அடுப்பை அணைத்து, காயத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். வளையலையும் மோதிரத்தையும் அப்போதே கழற்றுங்கள், வீங்கியபின் கழற்ற முடியாது. பற்பசை, மை, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் கையில் நீலப் பற்பசை இருந்தது. அதைத் துடைத்து எடுத்தபோது அவர் பட்ட வேதனை, எண்ணெய் பட்டபோது பட்டதற்குக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. எண்ணெயே தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மேலே படித்த அதே வெடிப்பு, இந்த முறை நெருப்போடு நடக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, வாணலியை உலோக மூடியால் மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது கழுத்துக் காயம் ஆறியிருந்தது. புறங்கையில் மட்டும் நிறம் மாறிய இடங்கள் இருந்தன. வெயிலில் போகும்போது மூடிக்கொள்ளச் சொன்னேன். இப்போது மீன் பொரிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"கையைச் சட்டிக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக இன்னும் பயமாகத்தான் இருக்கிறது டாக்டர். ஜல்லிக்கரண்டியில் வைத்து இறக்குகிறேன்" என்றார்.

அந்தக் கரண்டியைக் கழுவியதும் துடைத்துவிடுகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனிமேல் துடைக்கிறேன்" என்றார்.