ஒரு பகுதி மூப்படைகிறதா? முதியோர் பங்கும் முதுமைக் குறியீட்டெண்ணும் கணக்கிடப்படும் முறை

புதுச்சேரியில் சமுதாய மருத்துவத் துறையில் பணியாற்றும் நான், கிராமங்களில் வீடு வீடாக எடுக்கப்படும் குடும்பக் கணக்கெடுப்புகளைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்து வருகிறேன். அந்த அறிக்கைகளில் மிக எளிதானதாகத் தோன்றி, மிக அதிகமாகத் தவறிப்போகும் இரண்டு எண்களைப் பற்றியே இக்கட்டுரை.

முதியோர் பங்கு என்பது 60 வயது நிறைந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது. அதே முதியோர் எண்ணிக்கையை, மொத்த மக்கள்தொகைக்குப் பதிலாக 15 வயது நிறையாத சிறுவர்களின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது முதுமைக் குறியீட்டெண். அது 40 என்றால் 100 சிறுவர்களுக்கு 40 முதியோர் இருக்கிறார்கள் என்று பொருள்; 100-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியில் சிறுவர்களை விட முதியோர் அதிகம். நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் 60 வயதையே எல்லையாகக் கொண்டிருக்கிறது. வெளிநாட்டு அட்டவணைகள் பலவற்றில் எல்லை 65 என்பதால், அவற்றோடு ஒப்பிடும் முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாகூர்ப் பக்கத்தில் அருகருகே உள்ள இரண்டு ஊர்களை ஒரு பகுதியாகக் கொண்டு செய்த கணக்கை இங்கே விளக்குகிறேன். ஊர்களின் அடையாளம் வெளிப்படாதிருக்கவும் கணக்கு எளிதாக இருக்கவும் எண்களை மாற்றி அமைத்திருக்கிறேன். கடலோர ஊரில் 2,000 பேர்; அவர்களில் சிறுவர் 500, முதியோர் 200. உள்ளே இருக்கும் விவசாய ஊரில் 500 பேர். சிறுவர் 75, முதியோர் 90. முதல் ஊரின் குறியீட்டெண் 40, இரண்டாவது ஊரின் குறியீட்டெண் 120. பயிற்சி மருத்துவர் ஒருவர் இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, பகுதியின் குறியீட்டெண் 80 என்று எழுதியிருந்தார். ஆனால் ஆட்களைத்தான் முதலில் கூட்ட வேண்டும்: 290 முதியோர், 575 சிறுவர், ஆகவே குறியீட்டெண் 50.4. முதியோர் பங்கும் அப்படியே. சராசரி எடுத்தால் 14 விழுக்காடு, சரியான விடையோ 2,500 பேரில் 290, அதாவது 11.6 விழுக்காடு. சராசரி எடுக்கும்போது 500 பேர் வாழும் ஊர் 2,000 பேர் வாழும் ஊருக்குச் சமமாகிவிடுகிறது. இதே தவற்றை ஒன்றியப் பிரதேச அளவில் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பகுதியில் 9,50,289 பேரும் கேரளத்தை ஒட்டிய மாஹேயில் 41,816 பேரும் இருந்தார்கள். நான்கு பகுதிகளின் குறியீட்டெண்களையும் கூட்டி நான்கால் வகுத்தால், மொத்த மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் கூட இல்லாத மாஹே, விடையில் கால் பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, அந்த 290 என்ற எண்ணையே நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. வயதை ஒவ்வோர் ஆண்டாகப் பிரித்து எழுதியபோது 58 வயதில் 14 பேர், 59-இல் 9, 61-இல் 8, 62-இல் 13 பேர் இருந்தார்கள்; 60-இல் மட்டும் 38 பேர். சுற்றியுள்ள நான்கு வயதுகளின் சராசரி 11 ஆக இருக்க, 60-இல் ஏறத்தாழ 27 பேர் கூடுதலாகக் குவிந்திருக்கிறார்கள். பிறந்த தேதி தெரியாதவர்கள் 0-இலும் 5-இலும் முடியும் வயதைச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். முதியோர் உதவித்தொகை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சில வீடுகளில் சேர்ந்துகொள்கிறது. 61-ஐயும் 62-ஐயும் 60 என்று சொன்னவர்களால் நமக்குக் கேடில்லை, அவர்கள் எப்படியும் முதியோரே. 57-ஐயும் 58-ஐயும் 60 என்று சொன்னவர்கள்தான் எண்ணை ஏற்றிவிடுகிறார்கள். ஐந்தாண்டுத் தொகுதிகளாக மட்டும் அட்டவணை போட்டிருந்தால் இந்தக் குவியல் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது.

காகிதத்தில் இதைச் சமன்செய்ய வழிகள் உண்டு. ஆனால் இவ்வளவு சிறிய பகுதியில் மறுபடியும் போய்க் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. கணக்கெடுப்பின் நாள் 2025 ஜனவரி 1 என்பதால், 1965 ஜனவரி 1-க்குள் பிறந்தவர்களே 60 நிறைந்தவர்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22-23 இரவில் அடித்தது; எங்களுக்கு அதை விடப் பொருத்தமான எல்லைக்கல் கிடைத்திருக்காது. கிராமச் செவிலியர் ஓர் அம்மாவிடம், “தனுஷ்கோடி புயலு அடிச்சப்ப நீங்க பொறந்தாச்சாம்மா? உங்க அம்மா எதாச்சும் சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டார். “அந்தப் புயலுக்கு எங்க அக்காதான் கைக்கொழந்த. நான் அதுக்கப்புறம் மூணு வருசம் கழிச்சுப் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்” என்றார் அவர். படிவத்தில் 60 என்று இருந்தது 57 ஆயிற்று. அக்கா அடுத்த தெருவில் இருந்தார்; அவரையும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். இப்படி 38 வீடுகளுக்கும் சென்று வந்தபின் 12 பேர் 60-க்குக் கீழே இறங்கினார்கள். முதியோர் 278, பங்கு 11.1 விழுக்காடு, குறியீட்டெண் 48.3.

சிறுவர் பக்கத்திலும் ஒரு பிழையை அடிக்கடி காண்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம அளவிலான சுருக்க அட்டவணையில் 0 முதல் 6 வயது வரையிலான எண்ணிக்கை மட்டுமே தரப்படுகிறது. ஐந்தாண்டு வயதுத் தொகுதிகள் மாவட்ட அளவிலான அட்டவணையில்தான் வருகின்றன. கையில் கிடைத்ததை எடுத்து 0-6 என்ற எண்ணால் வகுத்துவிட்டால் குறியீட்டெண் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

இனி, இந்த எண் எதைச் சொல்கிறது என்பது. இதே பகுதியில் பத்தாண்டுகளுக்கு முன் மொத்தம் 2,500 பேரும் 270 முதியோரும் 700 சிறுவரும் இருந்ததாகக் கொள்வோம். அன்றைய குறியீட்டெண் 38.6, இன்று 48.3. ஊரில் முதியோர் கூட்டம் பெருகிவிட்டது என்று ஒரு கூட்டத்தில் பேசப்பட்டதைக் கேட்டு நான் எழுந்து மறுக்க வேண்டியதாயிற்று. கூடிய முதியோர் எட்டே பேர். சிறுவர் எண்ணிக்கை 700 ஆகவே இருந்திருந்தால் இன்றைய குறியீட்டெண் 39.7 ஆகத்தான் இருக்கும். ஏறிய பத்துப் புள்ளிகளில் ஒன்று மட்டுமே முதியோரால் வந்தது. மற்றவை குழந்தைப் பிறப்பு குறைந்ததால் வந்தவை. முதியோர் நல மருத்துவ முகாமுக்கு எத்தனை பேருக்கு மருந்து வாங்க வேண்டும் என்பதை முடிவு செய்ய 278 என்ற தலைக்கணக்கே வேண்டும், குறியீட்டெண் அதற்கு உதவாது.

வெளியூர் போனவர்கள் வேறு விதமாகக் குழப்புவார்கள். இந்தப் பகுதியில் வேலை வயதினர் 200 பேர் வளைகுடா நாடுகளிலோ சென்னையிலோ தனியாகத் தங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மொத்தம் 2,300 ஆகி, முதியோர் பங்கு 11.1-இலிருந்து 12.1 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். குறியீட்டெண்ணோ 48.3-இலேயே நிற்கும், ஏனெனில் 15 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் அதன் மேலும் வருவதில்லை, கீழும் வருவதில்லை. பங்கு மட்டும் ஏறிக் குறியீட்டெண் அசையாமல் இருக்கும் ஊரைக் கண்டால், வீட்டில் இல்லாதவர்களை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையே நான் முதலில் கேட்கிறேன். எங்கள் அறிக்கையில் இப்போது இரண்டு எண்களுக்கும் பக்கத்திலேயே 278, 575, 2,500 என்ற மூன்று தலைக்கணக்குகளும், ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவர்களைச் சேர்த்தோமா விட்டோமா என்ற குறிப்பும் அச்சாகின்றன.