முதல் பில்லுக்கு முன் கேட்கும் கேன்சல் செக்

மதுரை விளாங்குடியில் துணிப்பை தைத்துக் கொடுக்கும் ஒருவருக்குச் சென்னை கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. பின்னாலேயே ஒரு மெயில்: வங்கி விவரம், பான், ஜி.எஸ்.டி. சான்றிதழ், கேன்சல் செக் நான்கும் வந்த பிறகுதான் முதல் பணம். "செக்கையும் கேக்குறாங்களே சார், ஏமாத்துற ஆளுங்களா இருக்குமோ?" என்று என்னிடம் வந்தார்.

கேட்டது வழக்கமானதுதான். ஆனாலும் மெயில் முகவரியும் ஆர்டர் வந்த முகவரியும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ஆர்டர் கொடுத்தவரை அவருடைய பழைய நம்பரிலேயே கூப்பிட்டுக் கேட்டோம். ஓ.டி.பி., பின், பதிவுக் கட்டணம், கையெழுத்துப் போட்ட செக், இதில் ஒன்றைக் கேட்டாலும் உஷாராகிவிட வேண்டும்.

செக் எதற்கு? நாம் டைப் செய்து அனுப்பும் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் பணம் வேறு யார் கணக்கிலோ விழலாம். வங்கியே அச்சடித்த எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் செக்கில் இருக்கின்றன. குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் 'கேன்சல்டு' என்று எழுதுங்கள். கையெழுத்து வேண்டாம். அச்சிட்ட பெயரையும் எண்களையும் கோடு மறைக்கக் கூடாது. பெயர் அச்சிடாத செக் என்றால் பாஸ்புக் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

அவர் விஷயத்தில் சிக்கல் பெயரில்தான் இருந்தது. ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்ணேதான். தனி உரிமையாளர் என்பதால் அது அவருடைய சொந்தப் பான். சான்றிதழில் சட்டப்படியான பெயராக அவர் பெயரும், வணிகப் பெயராகக் கடைப் பெயரும் இருந்தன. பானும் சான்றிதழும் பொருந்திவிட்டன. செக் மட்டும் மனைவி பெயரில்! தையல் மெஷின் கடன் அந்தக் கணக்கில் ஓடுவதால் வரவையும் அதிலேயே வாங்கிப் பழகிவிட்டார். வீட்டுக்கு இது ஒரே பணம், கம்பெனிக்கோ பில் போட்டவர் ஒருவர், பணம் வாங்குபவர் வேறொருவர். அங்கேயே நிறுத்திவைப்பார்கள்.

கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கச் சொன்னேன். ஜி.எஸ்.டி. சான்றிதழையும் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழையும் கொடுத்துத் தொடங்கிவிட்டார். புதுச் செக்கில் கடைப் பெயர், அதே பெயர் சான்றிதழிலும் இருக்கிறது.

பான் ஏன் என்றும் கேட்டார். துணியைக் கம்பெனி கொடுத்து இவர் தைத்துத் தந்தால் அது ஒப்பந்த வேலை. தொகை வரம்பைத் தாண்டினால் தனிநபருக்கு 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் அதுவே 20 சதவீதம். பிடித்தது பான் வழியாகத்தான் அவர் வரிக் கணக்கில் ஏறும், அதனால் முதல் பணம் வந்து, கம்பெனி டி.டி.எஸ். கணக்கைத் தாக்கல் செய்த பிறகு, வருமான வரித் தளத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.